மஞ்சள் தாள் பாடம்: பத்தியாக இருந்த பாடக்குறிப்பை நான்கு கட்டத்துக்குள் கொண்டுவந்த அனுபவம்

அறிவியல் டீச்சர், தஞ்சாவூர்

எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வந்திருக்கும் பி.எட். மாணவி, அமிலம், காரம் பாடத்துக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதி வந்தார். நல்ல நடை, ஒரே பத்தி. அவர் கல்லூரியில் கேட்பதோ நோக்கம், செயல்பாடு, நேரம், பொருள் என்று நான்கு கட்டம் உள்ள படிவம். இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். இதே வேலை செய்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பத்தி இப்படி இருந்தது:

"முந்தைய வகுப்பில் படித்ததைக் கேள்விகள் மூலம் நினைவூட்டுவேன். பின்னர் வடிதாளில் மஞ்சள் கரைசலைத் தடவி உலர்த்தி, கீற்றுகளாக வெட்டிக் குழுக்களுக்குக் கொடுப்பேன். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், உப்பு நீர், சோப்புக் கரைசல், சுண்ணாம்புத் தெளிநீர் ஆகியவற்றை மாணவர்கள் சொட்டுவிட்டு நிறமாற்றத்தைக் கவனிப்பர். இதன் மூலம் அமிலம், காரம், நடுநிலைப் பொருள்களை வேறுபடுத்தி அறிவர். இறுதியில் மதிப்பீட்டு வினாக்களுக்கு விடையளிப்பர்."

உடனே கட்டம் போட வேண்டாம் என்றேன். முதலில் ஒவ்வொரு வினைச்சொல்லையும் அடிக்கோடிட்டு, அதைச் செய்வது யார் என்று பக்கத்தில் குறித்தோம். நினைவூட்டுவேன், தடவி, உலர்த்தி, வெட்டி, கொடுப்பேன்: ஐந்தும் ஆசிரியர் வேலை. மாணவர் கையில் நடப்பது சொட்டுவிடுவது, கவனிப்பது, விடையளிப்பது மட்டும். "வேறுபடுத்தி அறிவர்" என்பது செயல்பாடே இல்லை, அது நோக்கம். பத்தியின் நடுவில் செயல்பாடு மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கி முதல் கட்டத்தில் வைத்து, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும்படி "ஐந்து திரவங்களையும் மூன்று வகையாகப் பிரித்து எழுதுவர்" என்று மாற்றினோம்.

அடுத்து, அந்த நோக்கத்துக்கு நேரே பொருள் கட்டத்தில் மஞ்சள் தாளை எழுதியதும் பெரிய சிக்கல் தெரிந்தது. மஞ்சள் தாள் காரத்தில் மட்டும்தான் செம்பழுப்பாக மாறும். எலுமிச்சையிலும் மஞ்சள்தான், புளியிலும் மஞ்சள்தான், உப்பு நீரிலும் மஞ்சள்தான். ஆக அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அமிலத்தையும் நடுநிலையையும் எந்த மாணவராலும் பிரிக்க முடியாது. பத்தியாக வாசிக்கும்போது எங்கள் இருவர் கண்ணிலும் இது படவில்லை. நோக்கமும் பொருளும் ஒரே வரிசையில் எதிரெதிரே நின்றபோதுதான் பட்டது. செம்பருத்தி இதழ் ஊறிய நீரைச் சேர்த்தோம். அது அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும், உப்பு நீரில் அப்படியே இருக்கும்.

நேரக் கட்டம் அடுத்த சிக்கலைக் காட்டியது. பாடவேளை 40 நிமிடம். மஞ்சள் தடவி உலர்த்தி வெட்ட 10 நிமிடம் என்று அவர் போட்டிருந்தார். ஈரத்தாள் அதற்குள் காயாது. ஈரத்தோடு சொட்டுவிட்டால் மஞ்சள் கரைந்து பரவி, நிறம் சரியாகத் தெரியாது. அதனால் தாள் தயாரிப்பும், செம்பருத்தியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுவதும் முந்தைய நாள் வேலையாக, அட்டவணைக்கு மேலே தனி வரியாகப் போயின. பத்தியில் வராத இரண்டு வேலைகள் உள்ளே வந்தன: குழுவாக உட்காரவைத்துப் பொருள் கொடுப்பது, முடிந்ததும் மேசையைத் துடைப்பது.

முடிவில் வந்த வடிவம்:

| நோக்கம் | செயல்பாடு | நேரம் | பொருள் |
|---|---|---|---|
| முன்னறிவு | வீட்டில் உள்ள புளிப்புப் பொருள்களை மாணவர் சொல்வர், ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார் | 5 நிமிடம் | கரும்பலகை |
| - | 6 குழுவாக அமர்தல், பொருள் வழங்கல் | 4 நிமிடம் | 6 தட்டு, பெயர் ஒட்டிய மூடிகள் |
| காரத்தைக் கண்டறிந்து குறிப்பர் | மஞ்சள் கீற்றில் ஒவ்வொரு திரவத்தையும் ஒரு சொட்டு விட்டு, நிறத்தை நோட்டில் எழுதுவர் | 14 நிமிடம் | 40 கீற்று, சொட்டுக்குழாய் |
| ஐந்தையும் மூன்று வகையாகப் பிரித்து எழுதுவர் | மஞ்சளாகவே நின்ற மூன்றையும் செம்பருத்தி நீரில் சோதிப்பர் | 10 நிமிடம் | செம்பருத்தி நீர், வெள்ளைத் தட்டு |
| மேற்கண்ட இரண்டும் | பெயர் ஒட்டாத ஒரு திரவத்தைச் சோதித்து வகை சொல்வர், மேசையைத் துடைப்பர் | 7 நிமிடம் | சர்க்கரை நீர், துணி |

குழுவுக்கு 5 கீற்று என்றால் 30 போதும், கிழிந்தால் மாற்றிக்கொள்ள இன்னும் 10. சுண்ணாம்பு நீரை ஆசிரியர்தான் ஊற்றித் தர வேண்டும் என்றும் கீழே எழுதச் சொன்னேன். கண்ணில் பட்டால் ஆபத்து.

கணினி ஆசிரியர், மதுரை

டீச்சர், இவ்வளவு மெனக்கெட வேண்டாமே. வேர்டில் பத்தியைத் தேர்ந்தெடுத்து Insert > Table > Convert Text to Table கொடுத்தால் அட்டவணை ஒரு நொடியில் வந்துவிடும். காற்புள்ளியை வைத்துப் பிரிக்கச் சொன்னால் போதும். நான் பல பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

அறிவியல் டீச்சர், தஞ்சாவூர்

சார், கட்டளை சரிதான், நானும் கடைசியில் அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் இந்தப் பத்தியில் காற்புள்ளியை வைத்துப் பிரித்தால் எலுமிச்சைச் சாறு ஒரு கட்டம், புளிக்கரைசல் அடுத்த கட்டம் என்று சிதறிவிடும். எது நோக்கம், எது பொருள் என்று வேர்டுக்குத் தெரியாது. முதலில் நாம் வகைபிரித்து, ஒரு வரிசைக்கு ஒரு வரியாக, இடையில் பாடக்குறிப்பில் வராத ஒரு குறியை வைத்துத் தட்டச்சு செய்ய வேண்டும்:

```
நோக்கம்|செயல்பாடு|நேரம்|பொருள்
முன்னறிவு|புளிப்புப் பொருள்களைச் சொல்வர்|5|கரும்பலகை
```

அப்புறம் Other என்ற இடத்தில் `|` கொடுத்தால் நான்கு கட்டமாக ஒழுங்காக விழும்.

கணினி ஆசிரியர், மதுரை

ஆமாம், அது சரி. நான் செய்து கொடுத்தவையெல்லாம் ஏற்கெனவே பட்டியலாக எழுதியவை. இன்னொன்றும் சொல்கிறேன். அட்டவணை இரண்டாம் பக்கத்துக்குப் போனால் முதல் வரிசையில் கர்சரை வைத்து Repeat Header Rows அழுத்துங்கள், தலைப்பு அடுத்த பக்கத்திலும் வரும். அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, Table Properties-ல் Row பகுதியில் Allow row to break across pages என்பதை எடுத்துவிட்டால் ஒரு செயல்பாடு பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த பக்கம் போகாது. வகுப்பில் கையில் வைத்துப் பார்க்கும்போது அது பெரிய உதவி.

இடைநிலை ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

எனக்கு இந்த நான்கு கட்டமே போதவில்லை அக்கா. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்திருக்கிறேன். எண்ணும் எழுத்தும் முறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள். ஒரே 10 நிமிடத்தில் மூன்று வேலை நடக்கும். செயல்பாடு என்று ஒரே கட்டத்தில் மூன்றையும் திணித்தால் எனக்கே படிக்க வராது.

அதனால் நேரத்தை முதல் கட்டமாக்கி, செயல்பாட்டை மூன்றாகப் பிரித்தேன். நான் எந்தக் குழுவோடு உட்காருகிறேனோ அந்தக் கட்டத்தில் ஒரு நட்சத்திரம் போடுவேன். ஒரு வரிசையில் ஒரு நட்சத்திரம்தான் வரலாம். முதலில் எழுதிப் பார்த்தபோது கூட்டல் குச்சிக்கட்டு, சொல்வதை எழுதுதல் இரண்டும் ஒரே வரிசையில் விழுந்தன. இரண்டுக்கும் நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மொட்டுக் குழுவுக்கு அந்த நேரத்தில் அட்டை பொருத்துவதை மாற்றிக் கொடுத்தேன், தானாகவே செய்துகொள்கிறார்கள்.

அறிவியல் டீச்சர், தஞ்சாவூர்

நட்சத்திரம் ரொம்ப நல்ல யோசனைம்மா. எங்கள் அட்டவணையிலும் அந்த 14 நிமிடத்தில் ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்று எழுதவே இல்லை. சுண்ணாம்பு நீரோடு ஒவ்வொரு குழுவாகப் போக வேண்டுமே, அதைச் சேர்க்கச் சொல்கிறேன்.

தமிழாசிரியர், ஓய்வு, திருநெல்வேலி

அறிவியலுக்கு இது பொருந்தும். திருக்குறள் நடத்துகிறவன் என்ன செய்வான்? நான் குறளை இரண்டு முறை வாசிப்பேன், பிள்ளைகள் சொல்வார்கள், ஒருவன் ஏதாவது கேட்பான், அங்கிருந்து பாடம் வேறு பக்கம் போகும். அந்தக் கேள்விக்கு 5 நிமிடம் என்று முன்கூட்டியே எழுத முடியுமா? என் பாடக்குறிப்பில் "இந்தச் சொல்லில் தயங்குவார்கள், அப்போது இந்த எடுத்துக்காட்டைச் சொல்" என்று எனக்கு நானே எழுதிவைத்த வரிகள்தான் உயிர். அவற்றை எந்தக் கட்டத்தில் வைப்பது?

அறிவியல் டீச்சர், தஞ்சாவூர்

ஐயா, அந்த வரிகள் இந்த நான்கு கட்டத்தில் விழாமல் போய்விடுகின்றன என்பது உண்மை. எங்கள் பத்தியில் அப்படி ஒன்று இல்லை, ஆனால் இருந்திருக்க வேண்டும். உப்பு நீரில் நிறம் மாறாததைப் பார்த்து, "அதுவும் எலுமிச்சை மாதிரி அமிலம்தான்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். செம்பருத்திச் சோதனைக்குப் போக அதுதான் வாசல். அதைச் செயல்பாட்டுக் கட்டத்திலேயே "எதிர்பார்க்கும் விடை" என்று ஒரு வரியாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். குறளுக்கு அது போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தமிழாசிரியர், ஓய்வு, திருநெல்வேலி

ஒரு வரியில் அடங்காதம்மா. நான் பத்தியையும் பின்னால் இணைத்தே வைப்பேன். பார்வையிட வருகிறவருக்கு அட்டவணை, எனக்குப் பத்தி.

பி.எட். பயிற்சி மாணவி

அது நான் எழுதிய பத்திதான், எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கடைசி வரிசை இரண்டு நோக்கங்களுக்கும் பொதுவானது. நோக்கக் கட்டத்தை மேலே உள்ளவற்றோடு சேர்த்து ஒரே கட்டமாக இணைத்துவிடவா? இரண்டாம் வரிசையில் நோக்கமே இல்லாமல் கோடு போட்டிருக்கிறோம், கல்லூரியில் வெற்றுக் கட்டம் கூடாது என்கிறார்கள்.

அறிவியல் டீச்சர், தஞ்சாவூர்

இணைக்காதே. நடுவில் ஒரு வரிசை சேர்க்க நேர்ந்தால் இணைத்த கட்டம் தொல்லை கொடுக்கும். நோக்கங்களை அட்டவணைக்கு மேலே 1, 2 என்று எண்ணிட்டு எழுதிவிட்டு, கட்டத்துக்குள் எண்ணை மட்டும் போடு. கடைசி வரிசையில் 1, 2 என்று இரண்டும் வரும்.

வெற்றுக் கட்டத்துக்காகப் பொருள் வழங்கும் வரிசையில் ஒரு நோக்கத்தை இட்டுக்கட்டி எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. "ஆயத்தம்" என்று எழுது. அந்த 4 நிமிடத்தை மட்டும் அடுத்த வரிசையோடு கலந்துவிடாதே.

கணினி ஆசிரியர், மதுரை

எங்கள் கல்லூரியில் "குழுவாகச் செயல்படுவர்" என்று அந்த இடத்தில் எழுதச் சொல்வார்கள். அதுவும் ஒரு நோக்கம்தானே?

இடைநிலை ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

அதை எப்படி மதிப்பிடுவீர்கள் சார்? தட்டு வாங்கும்போது யார் குழுவாக நடந்துகொண்டார்கள் என்று 4 நிமிடத்தில் ஆறு குழுவையும் பார்க்க முடியுமா? என்னால் முடியாது.