3வது ஆர்.ஏ. பில்லில் பணம் குறைகிறது, உதவி வேண்டும் (மொரீஷியஸ்)

ரோஸ்ஹில் மேஸ்திரி
வணக்கம். இங்கே ஓர் இந்தியக் கம்பெனிக்கு பிளாக் கட்டு, பூச்சு வேலை சப் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். வேலை நடக்க நடக்கப் போடும் ஆர்.ஏ. பில்களில் 3வதில் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் ரூபாய் குறைத்துவிட்டார்கள். கேட்டால் கணக்கு சரி என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மதுரைக்காரன்
பில்லில் பிடித்து வைக்கும் டெபாசிட் எத்தனை சதவீதம்? போன பில்கள் எவ்வளவு? அதைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

சென்னை காண்ட்ராக்டர்
வாட் 15 சதவீதம் பிடித்திருப்பார்கள். எனக்கும் அங்கே அப்படித்தான் நடந்தது, ஆறு மாதம் அலைந்தேன்.

பழைய ஓவர்சியர்
அளவு எழுதும் எம்.புக் பார்க்கத் தெரியாதவர்கள் சப் எடுத்தால் இப்படித்தான். முதலில் மொத்தக் கணக்கு இருக்கும் அப்ஸ்ட்ராக்ட் தாளை இங்கே எழுதுங்கள் தம்பி. பில் என்பது கடைசி வரி மட்டும் இல்லை.

ரோஸ்ஹில் மேஸ்திரி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். வாட் தனி, அதில் பிரச்சினை இல்லை. இதுவரை செய்த மொத்த வேலை 24,00,000. முதல் இரண்டு பில் சேர்த்து 15,00,000. டெபாசிட் 5 சதவீதம், அது போகக் கையில் வந்தது 14,25,000. நான் போட்ட கணக்கு: 24,00,000-த்தில் வந்த 14,25,000 போனால் 9,75,000, அதில் 5 சதவீதம் போக 9,26,250. அவர்கள் கொடுப்பது 7,80,000.

திருச்சி பில்லிங்
அண்ணா, இரண்டு பேர் கணக்குமே தப்பு.

உங்களுடையதை முதலில் பார்ப்போம். 24 லட்சம் டெபாசிட் பிடிக்காத தொகை, 14,25,000 பிடித்த பிறகு வந்தது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், ஏற்கெனவே பிடித்து வைத்த 75,000 சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும்.

அவர்களுடையது இதற்கு நேர் எதிர். 24-இல் 15 போக 9,00,000, அதுவரை சரி. ஆனால் டெபாசிட்டை 24 லட்சம் முழுவதற்கும் 1,20,000 என்று பிடித்திருக்கிறார்கள். முதல் 15 லட்சத்துக்கு 75,000 முன்பே பிடித்தாயிற்றே. அது இரண்டாவது தடவை போகிறது.

இந்தப் பில்லின் 9,00,000-க்கு மட்டும் 45,000 பிடித்தால் 8,55,000. வேறு வழியில் சரிபாருங்கள்: 24,00,000-த்தில் 1,20,000 போக 22,80,000, அதில் கையில் வந்த 14,25,000 போனால் அதே 8,55,000. எந்த வழியில் போனாலும் போகலாம், பாதியில் தடம் மாறக் கூடாது. உங்களுக்கு வர வேண்டிய பாக்கி 75,000, ஒன்றரை லட்சம் இல்லை.

பழைய ஓவர்சியர்
இதைத்தான் நானும் சொன்னேன். டெபாசிட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தொட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

ரோஸ்ஹில் மேஸ்திரி
ரொம்ப நன்றி. இன்னொன்று. முதல் மாடிப் பூச்சு 2வது பில்லில் 412 சதுர மீட்டர். இப்போது 364 என்று போட்டு 48 மைனஸில் வந்திருக்கிறது. பூசிய சுவர் எப்படிச் சுருங்கும்?

திருச்சி பில்லிங்
ஆர்.ஏ. பில்லில் அது நடக்கும். ஒவ்வொரு பில்லிலும் அளவு முதலிலிருந்து இன்று வரை. முன்பு கூடப் போனது அடுத்ததில் கழியும். அந்த மாடியில் ஜன்னல் எத்தனை?

ரோஸ்ஹில் மேஸ்திரி
20. ஒவ்வொன்றும் 1.2 க்கு 1 மீட்டர். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் பூச்சு.

திருச்சி பில்லிங்
ஒரு பக்கத்துக்கு 24, இரண்டு பக்கத்துக்கு 48. முன்பு ஜன்னலே கழிக்கவில்லை, இப்போது இரண்டு பக்கமும் கழித்திருக்கிறார்கள். இந்திய அளவீட்டு விதி ஐ.எஸ். 1200-படி அரை சதுர மீட்டருக்கு மேல் 3 வரை உள்ள திறப்புக்கு ஒரே மாதிரிப் பூச்சு என்றால் ஒரு பக்கம்தான் கழிக்க வேண்டும். ஜன்னல் ஓரப் பூச்சுக்குத் தனியாகக் காசு கிடையாது, அதற்கு ஈடாகத்தான் மறுபக்கத்தைக் கழிப்பதில்லை.

கியூர்பீப் கியூ.எஸ்.
நான் இந்த ஊரிலேயே பிறந்தவன், தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கம்பெனி என்பதால் இந்திய விதி தானாக வராது. ஒப்பந்தத்தில் எந்த அளவீட்டு முறை எழுதியிருக்கிறதோ அதுதான்.

பழைய ஓவர்சியர்
40 வருடமாக ஒரு பக்கம்தான் கழித்தோம். ஊர் மாறினால் சுவர் மாறுமா?

கியூர்பீப் கியூ.எஸ்.
சுவர் மாறாது ஐயா, கையெழுத்துப் போட்ட தாள் மாறும். ஓரப் பூச்சுக்குத் தனி ஐட்டம் இருந்தால் இரண்டு பக்கமும் கழிப்பது நியாயம்தான்.

சென்னை காண்ட்ராக்டர்
எனக்கு இன்னும் அந்த வாட் பணம் வரவில்லை.

திருச்சி பில்லிங்
அண்ணா, ஒர்க் ஆர்டரில் ஓரப் பூச்சு ஐட்டம் இருக்கிறதா? அடுத்த தடவை அளக்கும்போது கூடவே நில்லுங்கள்.

ரோஸ்ஹில் மேஸ்திரி (3 நாள் கழித்து)
8,55,000 கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள். 75,000 இந்த வாரம் வருகிறது. ஜன்னல் விஷயம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒர்க் ஆர்டரில் அளவீடு பற்றி ஒரு வரிகூட இல்லை.