ஸ்பானிங் ட்ரீக்குத் தமிழில் என்ன: அளாவு மரமா, சுழல் தடுப்பா?

செம்பனை (சுங்கை சிப்புட்) எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். ஸ்பானிங் ட்ரீ புரோட்டோகாலுக்கு 'சுழல் தடுப்பு நெறிமுறை' என்று போட்டிருக்கிறேன். அது செய்யும் வேலையும் அதுதானே? சரியா, சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்:

தம்பி, கணிதத்தில் நாங்கள் 'அளாவு மரம்' என்று எழுதுகிறோம். எல்லாப் புள்ளிகளையும் தொட வேண்டும், எங்கேயும் வளையம் இருக்கக் கூடாது. உங்கள் பெயர் இரண்டாவது பாதியை மட்டும்தான் சொல்கிறது.

கடைக்காரர்:

எங்கள் கடையில் இரண்டு இணைய லைன் இருக்கிறது. ஒன்று போனால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும். இதற்குத்தானே பெயர் தேடுகிறீர்கள்? 'மாற்றுவழி' என்று வையுங்களேன்.

செம்பனை:

அண்ணே, அது ரௌட்டர் வேலை. நான் கேட்பது ஒரே வளாகத்துக்குள் சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் போகும் ஒயரைப் பற்றி.

ஒயர்மேன்:

எனக்கும் 'சுழல் தடுப்பு' பிடித்திருக்கிறது. ஈதர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் கிடையாது. ஐ.பி. பொட்டலம் ஒவ்வொரு ரௌட்டரிலும் ஓர் எண் குறைந்து கடைசியில் செத்துவிடும், இது சாகாது. வளையத்தில் ஒரு பிராட்காஸ்ட் நுழைந்தால் சுற்றிக்கொண்டே பெருகும். எல்லா விளக்கும் வெறி பிடித்தது போல் மின்னும், ஒருத்தனுக்கும் லைன் வராது. உபரி ஒயரை அணைத்து வைத்து அதைத் தடுப்பதுதான் இதன் வேலை. மரமெல்லாம் எதற்கு?

பழைய பாலம்:

ஒயர்மேன் சொன்னதில் பாதி சரி. ஒயர் அணைவதில்லை. தடுத்த போர்ட்டிலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். தரவைக் கடத்தாதே தவிர, 2 நொடிக்கு ஒருமுறை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு நின்றால் விழித்துக்கொள்ளும்.

மரம் ஏன் வேண்டும் என்பதற்கு நான் பார்த்த ஒரு வளாகத்தைச் சொல்கிறேன். மூன்று கட்டடம்: அலுவலகம், ஆய்வகம், விடுதி. முக்கோணமாக இணைத்திருந்தார்கள். அலுவலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே 1 கிகாபிட் ஃபைபர், விடுதிக்குப் போகும் இரண்டும் 100 மெகாபிட். சுழல் ஒன்றும் இல்லை, எல்லாம் அமைதி. ஆனால் அலுவலகத்திலிருந்து ஆய்வகத்துக்குக் கோப்பு அனுப்பினால் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை. மாலையில் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பியதும் அதுவும் படுத்துவிட்டது.

மரம் எந்த சுவிட்சிலிருந்து கிளை விட வேண்டும், அதாவது எது வேர் என்பதை முன்னுரிமை எண் முடிவு செய்யும், சிறிய எண்ணுக்கே வெற்றி. யாரும் அதை மாற்றவில்லை. மூன்றிலும் 32768. சமமாக இருந்தால் எந்த சுவிட்சின் மேக் முகவரி சிறியதோ அதுதான் வேர். விடுதியில் கிடந்த மிகப் பழைய சுவிட்சுக்கு அந்தப் பட்டம் போய்விட்டது. வேகம் கூடிய ஒயருக்குச் செலவு குறைவு: 100 மெகாபிட்டுக்கு 19, 1 கிகாபிட்டுக்கு 4. அலுவலகம் வேரை நேராக அடைய 19 செலவு, ஆய்வகம் வழியாகப் போனால் 4-உம் 19-உம் சேர்ந்து 23. ஆய்வகத்துக்கும் இதே கணக்கு. ஆகவே இருவரும் விடுதிக்கே நேராகக் கை நீட்டினார்கள், நடுவில் இருந்த ஃபைபர் வேண்டாததாகி ஒரு முனையில் அடைபட்டது. சுழல் தடுப்பு நூற்றுக்கு நூறு நடந்தது, மரம்தான் தப்பான இடத்தில் வேர் விட்டிருந்தது. அலுவலக சுவிட்சில் ஒரே வரி போட்டோம்:

```
spanning-tree vlan 1 priority 4096
```

அரை நிமிடம் நெட்வொர்க் நின்றது, கேட்பதற்கு 15 நொடி, முகவரி கற்பதற்கு 15. பிறகு விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே உள்ள ஒயர் அடைபட்டது, ஃபைபர் திறந்தது. `show spanning-tree` அடித்தால் `This bridge is the root` என்று அலுவலக சுவிட்சில் காட்ட வேண்டும். பெயரில் 'மரம்' இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகள் வேரைத் தேடவே மாட்டார்கள், தம்பி. ராடியா பெர்ல்மன் 1985-இல் இதை வகுத்தபோதே வைத்த பெயர் அது.

ஒயர்மேன்:

விளக்கு எரிந்தால் போர்ட் வேலை செய்கிறது என்றுதான் நானும் ஆட்களுக்குச் சொல்லி வருகிறேன். சரி, மரம் இருக்கட்டும். ஆனால் 'அளாவு' என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்குப் புரியும்? 'தொடுமரம்' என்று வைக்கலாமே.

கணக்கு டீச்சர்:

தொடுமரம் என்றால் தொடுகோடு போல் ஒரு புள்ளியில் மட்டும் தொடுவதாக என் மாணவர்கள் நினைப்பார்கள். எனக்கு உடன்பாடில்லை.

செம்பனை:

'அளாவு மர நெறிமுறை' என்றே எழுதிவிடுகிறேன். வேருக்கு 'வேர்ச் சுவிட்சு', அடைபட்டதற்கு 'செவிமடுக்கும் போர்ட்' என்று போடலாமா?

பழைய பாலம்:

செவிமடுப்பது தனியான ஒரு நிலை, அந்த 15 நொடிக்குரியது. இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம். 'அடைபட்ட போர்ட்' போதும். அப்புறம், விடுதி அறையில் மலிவு சுவிட்சு ஒன்றின் இரண்டு வாயையும் ஒரே ஒயரால் இணைத்தால் என்ன ஆகும் என்று கையேட்டில் எழுதுங்கள். அந்த சுவிட்சுக்கு இந்த நெறிமுறை தெரியாது, உள்ளேயே சுழலும்.

கடைக்காரர்:

அப்படியானால் என் கடையில் இருக்கும் சின்ன சுவிட்சும் அந்த வகையா?