வாய்க்காலில் விழுந்த போன்: சிம் ஸ்லாட்டை எப்படித் துடைப்பது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். மூன்று நாள் முன்பு தோப்பு வாய்க்காலில் போன் விழுந்துவிட்டது. எடுத்ததும் ஸ்விட்ச் ஆஃப் செய்து, ட்ரேயைக் கழற்றி, ஃபேன் காற்றில் வைத்தேன். அம்மா அரிசிக்குள் போடச் சொன்னார். தவிட்டுத் தூசி ஓட்டைக்குள் போகுமே என்று போடவில்லை.

சிம்மின் தங்க நிறத் தகட்டில் வண்டல் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்துவிட்டுத் தம்பி போனில் போட்டேன், சிக்னல் வந்தது. ஆக, சிம் பிழைத்துவிட்டது.

என் போனின் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்தால்தான் இரண்டு பின்களில் பச்சைக் களிம்பு தெரிகிறது. பஞ்சு விட்டால் நூல் சிக்கிப் பின் வளைந்துவிடும் என்று பயம். இன்னும் ஆன் செய்யவில்லை, சார்ஜும் போடவில்லை. மெல்லிய பிரஷ்ஷில் ஆல்கஹால் தொட்டால் போதுமா, இல்லை திறந்து போர்டையே கழுவ வேண்டுமா? சித்தூர் பக்கம் அப்படிச் செய்து தருபவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.