குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்காத ஆய்வில் விவாத இயலை எப்படி எழுதுவது?

இளவேனில்:
என் ஆய்வில் ஒரு வகுப்பின் 32 மாணவர்கள் பாடத்தைப் படித்தபின் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். இன்னொரு வகுப்பின் 32 பேர் அதையே மறுபடி படித்தார்கள். மறுநாள் வைத்த 50 மதிப்பெண் தேர்வில் முதல் வகுப்பின் சராசரி 3.2 கூடுதல்; p = 0.11. ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதச் சொல்கிறார் நெறியாளர். ‘பயன் தரும் போக்கு தெரிகிறது’ என்று எழுத எனக்கு விருப்பம். எது சரி?

கதிரவன்:
நெறியாளர் சொல்வதே சரி. 0.05 என்ற எல்லையை ஆய்வு தொடங்கும் முன்பே ஏற்றுக்கொண்டீர்கள். முடிவு வந்தபின் ‘போக்கு’ என்று எழுதினால் அந்த எல்லையை உங்கள் வசதிக்காக நகர்த்துகிறீர்கள் என்றே பொருள். முடிவு எதிர்ப்பக்கம் 0.11 என்று வந்திருந்தால், ‘முறை தீங்கு செய்யும் போக்கு தெரிகிறது’ என்று எழுதியிருப்பீர்களா? ஆகவே இம்முறையால் பயனில்லை என்று நிறுவப்பட்டதாகவே எழுதுங்கள்.

மேகலை:
கதிரவன் கேட்ட கேள்வி மிகச் சரியானது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. எல்லையைத் தாண்டவில்லை என்பதால் பயன் உண்டென்று சொல்ல முடியாது. ஆனால் பயனில்லை என்று சொல்லவும் அது போதாது. இளவேனில், திட்ட விலக்கம் எவ்வளவு?

இளவேனில்:
இரு வகுப்பிலும் ஏறத்தாழ 8.

மேகலை:
அப்படியானால் வேறுபாட்டின் திட்டப் பிழை 2. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி −0.8 முதல் 7.2 வரை வரும். விவாத இயலில் பேச வேண்டியது இந்த இடைவெளியைப் பற்றித்தான். அதன் கீழ்முனையில் முறை சற்றே பின்தங்குகிறது. மேல்முனையில் 50க்கு 7 மதிப்பெண் கூடுகிறது, அது எந்த ஆசிரியரும் விரும்பி ஏற்கும் அளவு. இவ்விரண்டையும் உங்கள் தரவு விலக்கவில்லை. ‘இந்த ஆய்வில் கிடைத்த வேறுபாடு 3.2 மதிப்பெண், ஆனால் மிகச் சிறிய பின்னடைவு முதல் கணிசமான முன்னேற்றம் வரை எதுவும் இத்தரவோடு பொருந்துவதால், முறையின் பயனைப் பற்றி இதைக்கொண்டு முடிவு கூற இயலாது’ என்று எழுதினால் நெறியாளரும் மறுக்க இடமிராது.

கதிரவன்:
ஏற்கிறேன். அப்படியென்றால் கிடைத்த 3.2 என்ற அளவை வைத்தே புள்ளியியல் திறனைக் கணக்கிட்டு, அது சுமார் 35 விழுக்காடுதான் என்பதையும் சேர்த்து எழுதட்டும். மாதிரி போதாததால்தான் வேறுபாடு வெளிப்படவில்லை என்பதற்கு அது சான்றாகுமே.

மேகலை:
அது சான்றாகாது. கிடைத்த வேறுபாட்டை வைத்துப் பின்னாளில் கணக்கிடும் திறன், பி மதிப்பையே வேறு உருவில் திருப்பிச் சொல்கிறது. பி மதிப்பு சரியாக 0.05 என்றால் அந்தத் திறன் எப்போதும் ஏறத்தாழ 50 விழுக்காடாகவே வரும். பி மதிப்பு கூடக்கூட அது குறையும். புதிதாக ஒரு செய்தியும் அதில் இல்லை. வேண்டுமானால் வேறொன்றை எழுதலாம்: குழுவுக்கு 32 பேர் என்ற அளவில், உண்மையான வேறுபாடு 5.7 மதிப்பெண் அளவுக்கு இருந்தால்தான் அதைக் கண்டறிய 80 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. 3.2 அளவிலான வேறுபாட்டுக்கு அதே வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்குச் சுமார் 100 பேர் தேவை. இது வடிவமைப்பைப் பற்றிய கூற்று என்பதால் நேர்மையானது.

பொன்மணி:
வரம்புகளைத் தனிப்பகுதியாக இயலின் இறுதியில் வைப்பதா, ஒவ்வொரு முடிவோடும் சேர்த்து எழுதுவதா என்பதுதான் கேள்வி என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். என்னுடையது 14 பேரிடம் நடத்திய நேர்காணல் ஆய்வு. எல்லாரும் எழுதுவதைப்போல ‘மாதிரியின் அளவு சிறியது’ என்பதை முதல் வரம்பாக எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், “இன்னும் 50 பேரிடம் பேசியிருந்தால் உங்கள் முடிவுகளில் எது மாறியிருக்கும்?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என்னோடு பேச ஒப்புக்கொண்ட அனைவரும் அந்தப் பணியில் நிலைத்து நின்றவர்கள், விட்டுச் சென்ற ஒருவரிடமும் நான் பேசவில்லை என்பதே என் ஆய்வின் உண்மையான வரம்பு. அதை நான் எங்குமே எழுதியிருக்கவில்லை.

இளவேனில்:
பொன்மணி அவர்கள் சொன்னதைப் படித்தபின் என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மாதிரி சிறியது, பயிற்சிக் காலம் நான்கு வாரம் மட்டுமே, தேர்வை மறுநாளே வைத்துவிட்டேன். மூன்றாவது முக்கியமானது என்று நினைக்கிறேன். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே நானும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று எழுதலாம் அல்லவா?

மேகலை:
‘தெரிந்திருக்கும்’ என்று எழுத முடியாது, ஏனெனில் நீங்கள் அதைச் சோதிக்கவில்லை. முந்தைய ஆய்வைச் சுட்டி, இது ஒரு சாத்தியமான விளக்கம், இந்த ஆய்வின் தரவு இதை உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலாது என்று எழுதுங்கள்.

ஆனால் என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொன்று. உங்கள் பட்டியலில் உள்ள மூன்றும் ஒரே திசையைத்தான் பார்க்கின்றன: முறை நல்லது, ஆய்வின் குறையால்தான் அந்த நன்மை வெளிப்படவில்லை. எதிர்த்திசையில் இழுக்கக்கூடிய ஒன்றாவது இருக்க வேண்டுமே. இரண்டு வகுப்புக்கும் பாடம் நடத்தியவர் யார்?

இளவேனில்:
சோதனை வகுப்புக்கு நான் நடத்தினேன். மற்றதை அவர்களின் வழக்கமான ஆசிரியர் நடத்தினார்.

மேகலை:
உங்கள் பட்டியலில் முதலாவதாக வர வேண்டியது அதுதான். ஒரு வகுப்புக்கு ஒரு முறை, ஒரு ஆசிரியர் என்று அமைந்துவிட்டதால், முறையின் விளைவையும் ஆசிரியரின் விளைவையும் வகுப்பின் இயல்பையும் எந்தப் புள்ளியியல் உத்தியாலும் பிரிக்க முடியாது. முறையில் நம்பிக்கை உள்ள ஆய்வாளரே பாடம் நடத்தியதால் அந்த 3.2 மிகைமதிப்பாகவும் இருக்கலாம். அதோடு, 64 பேரும் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்று கொண்டு கணக்கிட்டதால் நம்பிக்கை இடைவெளி உண்மையில் இன்னும் அகலமாகவே இருக்கும்.

கதிரவன்:
இதை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம். இவ்வளவையும் எழுதினால் ஆய்வேட்டில் என்ன மிஞ்சும்? இந்த வடிவமைப்பை ஏன் அனுமதித்தார்கள் என்று தேர்வாளர் நெறியாளரையே கேட்பார். நடைமுறையில் மாணவர் கையில் கிடைப்பது இரண்டு முழு வகுப்புகள்தான். மாணவர்களைக் குலுக்கிப் பிரிக்கப் பள்ளிகள் எளிதில் இசைவதில்லை. அந்த நெருக்கடியையும் எழுதாமல் குறையை மட்டும் எழுதுவது நியாயமாகுமா?

மேகலை:
நெருக்கடியைத் தாராளமாக எழுதலாம், ஆனால் அது காரணத்தை விளக்குமே தவிர விளைவை நீக்காது. தேர்வாளர் கேட்கத்தான் செய்வார்; நீங்கள் எழுதாவிட்டாலும் முறையியல் இயலைப் படித்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

இளவேனில்:
விவாத இயலின் முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘நினைவிலிருந்து எழுதிப் பார்த்த வகுப்பு சராசரியாக 3.2 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றது (95% இடைவெளி −0.8 முதல் 7.2 வரை). அவ்வகுப்புக்கு ஆய்வாளரே பாடம் நடத்தியதால், இவ்வேறுபாட்டில் முறையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய இயலவில்லை. மறுநாளே நடத்திய தேர்வு முறையின் பயனைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். ஆய்வாளரின் ஈடுபாடு அதைக் கூட்டிக் காட்டியிருக்கலாம். எது மிகுதி என்பதை இத்தரவு சொல்லாது.’ நெறியாளர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியவில்லை. சுருக்கவுரையில் 3.2 என்ற எண்ணைத் தரலாமா?

கதிரவன்:
தர வேண்டாம். சுருக்கவுரையை மட்டும் படிப்பவர்கள் அந்த எண்ணை மட்டுமே எடுத்துச் செல்வார்கள்.

மேகலை:
இடைவெளியோடு சேர்த்துத் தரலாம் என்பதே என் கருத்து. எண்ணை மறைத்தால் பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுபவருக்கு உங்கள் ஆய்வு கிடைக்காமலே போய்விடும். பத்தியில் ஒரு சேர்க்கை மட்டும்: உங்கள் இடைவெளி வகுப்புச் சார்பைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதை அந்த எண்களை அடுத்தே எழுதிவிடுங்கள்.