அப்பாவுக்கு போனும் இயர்போனும்: மண்டபச் சத்தத்தில் என்ன செய்யலாம்?

அப்பாவுக்குக் காது லேசா மந்தம். டாக்டரிடம் காட்டியாச்சு. காது மெஷின் வரும்வரை, போன் மைக்கில் விழுற சத்தத்தைப் பெருசாக்கி இயர்போனில் கேட்கவைக்கிற Sound Amplifier ஆப்பை ஆண்ட்ராய்டு போனில் போட்டுக் கொடுத்திருக்கேன். வீட்டில் பிரமாதம். கல்யாண மண்டபத்தில் போன் அவர் சட்டைப்பையில் இருந்தா சுத்தி இருக்கிற இரைச்சலும் சேர்ந்தே பெருசாகுது. பேசுறவர் முன்னால மேசைமேல, ஓர் அடி தூரத்தில் வெச்சா பேச்சு தெளிவாகுது. மைக் வாய்க்குப் பக்கத்தில் போயிடுதே.

சிக்கல் புளூடூத் இயர்பட்ஸ்தான். உதடு அசைஞ்சு கொஞ்சம் கழிச்சுத்தான் குரல் வருது. நேரா காதில் விழுறதோட சேர்ந்து எதிரொலி மாதிரி குழப்புதாம். வயர் இயர்போனில் அந்தத் தாமதம் பெருசா தெரியலை, ஆனா வயர் மேசைவரைக்கும் எட்டலை.

எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுப் பார்த்தவங்க இருக்கீங்களா? இல்லைன்னா, தாமதம் குறைவான இயர்பட்ஸ் எதுன்னு உபயோகிச்சவங்க சொல்லுங்க.