அவசர உதவி: மார்க்கெட்டிங் மிக்ஸ் அசைன்மென்ட் திரும்பி வந்துவிட்டது, எங்கே தப்பு?

பிபிஏ_ரெண்டாவது_வருஷம்
புது நொறுக்குத்தீனிக்குப் பொருள், விலை, விநியோகம், ப்ரமோஷன் நான்கையும் சேர்த்து மார்க்கெட்டிங் மிக்ஸ் போடச் சொன்னார்கள். 14 பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேடம் சிவப்பு மையில் "நான்கும் நான்கு திசையில் நிற்கின்றன" என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். விலைப் பக்கத்தில் பெரிய வட்டம். ஒரு பாக்கெட்டுக்கு 3.40 லாபம் வருகிறது, நல்ல லாபம்தானே? வெள்ளிக்கிழமை திரும்ப வைக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள் ப்ளீஸ்.

நாலும்_தெரிந்தவர்
முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள். என்ன பண்டம், எவ்வளவு எடை, எந்த ஊர், யார் வாங்குவார்கள், எதுவும் இல்லை. இந்த இழையில் மாதம் ஒருமுறை இதே மாதிரி யாராவது வருகிறார்கள்.

ரீல்ஸ்_ராஜா
விலையை விடுங்க ப்ரோ. இப்ப எல்லாமே இன்ஸ்டாதான். உள்ளூர் ஃபுட் வ்ளாகர் ரெண்டு பேரைக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தால் ப்ரமோஷன் பக்கம் முடிந்தது. மேடம் அசந்துவிடுவார்.

வேன்_லைன்
தம்பி, 3.40 எப்படி வந்தது? அதைச் சொல்லு. கடைக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறாய், நடுவில் ஏஜென்சி உண்டா?

பிபிஏ_ரெண்டாவது_வருஷம்
ஸாரி அண்ணா. கம்பு காராச்சேவு. சாத்தூர் பக்கம் என்பதால் சேவு எடுத்தேன். 30 கிராம், 10 ரூபாய். கிலோ அடக்கம் 200 என்று வைத்ததால் சேவுக்கு 6 ரூபாய், பாக்கெட்டுக்கு 60 பைசா. பத்தில் 6.60 போனால் 3.40. விநியோகம் ஏஜென்சி வழியாகப் பெட்டிக்கடைகளுக்கு.

வேன்_லைன்
அங்கேதான் மேடம் வட்டம் போட்டிருக்கிறார். அந்தப் பத்து ரூபாயை நீ வாங்குவதாக நினைத்துவிட்டாய். அது உன் கைக்கு வராது. 11 வருஷம் ஸ்நாக்ஸ் லைன் ஓட்டியவன் என்பதால் எங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன்.

எம்ஆர்பி 10. புது சரக்கு என்றால் பெட்டிக்கடைக்காரர் 8 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் தொங்கவிடுவார், அவருக்கு 2 ரூபாய். ஏஜென்சிக்கு 60 பைசா. உன் பில் 7.40, வரியும் அதற்குள்தான். 5 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் உனக்கு 7.05. நூறு பாக்கெட் போனால் ஐந்து நொறுங்கியோ தேதி முடிந்தோ திரும்பி வரும் என்று வை, பாக்கெட்டுக்கு 35 பைசா அதில் போகும். மிச்சம் 6.70. உன் அடக்கம் 6.60. பாக்கெட்டுக்குப் பத்து பைசா லாபம். வேன் டீசல், ரீல்ஸ் ராஜா சொன்ன வ்ளாகர் எல்லாம் அந்தப் பத்து பைசாவிலிருந்துதான் வர வேண்டும்.

வரி_பார்ட்டைம்
ஜிஎஸ்டி 12 சதவீதம் இல்லையா? பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 12 என்றுதான் எங்கள் ஆபீஸில் பில் போட்டோம்.

வேன்_லைன்
அது பழைய கதை. 22 செப்டம்பர் 2025 முதல் மிக்சர், சேவு வகையெல்லாம் 5க்கு வந்துவிட்டது.

நாலும்_தெரிந்தவர்
இதெல்லாம் இருக்கட்டும், நாலு பி மட்டும் வைத்து எழுதியதே தப்பு. இப்போது ஏழு பி. மக்கள், செயல்முறை, கண்ணுக்குத் தெரியும் புறச்சான்று மூன்றும் சேர வேண்டும். அடிப்படை தெரியாமல் கணக்கு போட்டு என்ன பயன்?

பழைய_எம்பிஏ
ஐயா, அந்த மூன்றும் 1981இல் பூம்ஸும் பிட்னரும் சேவைத் தொழிலுக்காகச் சேர்த்தவை. ஹோட்டல், பேங்க், ஆஸ்பத்திரி. பாக்கெட் சேவுக்கு மெக்கார்த்தி 1960இல் சொன்ன நாலு போதும். மேடமும் "நான்கும்" என்றுதானே எழுதியிருக்கிறார்?

நாலும்_தெரிந்தவர்
கடைக்காரர் மக்கள் இல்லையா? பாக்கெட் புறச்சான்று இல்லையா? எல்லாப் பொருளிலும் சேவை உண்டு. புது புத்தகம் ஏதாவது எடுத்துப் படியுங்கள்.

பழைய_எம்பிஏ
அப்படிப் பார்த்தால் பெட்டிக்கடை வாசலில் படுத்திருக்கும் நாயும் புறச்சான்றுதான்.

தட்டை_வீடு
சண்டைக்கு நடுவில் என் அனுபவம் ஒன்று. எங்கள் அம்மா வீட்டில் தட்டை போட்டு 20 கடைக்குக் கொடுக்கிறார். போன வருஷம் கம்புத் தட்டை முயன்றோம். மாவை மொத்தமாக அரைத்து டின்னில் வைத்தோம், பத்து நாளில் கசப்பு ஏறிவிட்டது. கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், அரைத்துவிட்டால் சீக்கிரம் கெடும் என்று மில்காரர் பிறகு சொன்னார். கசந்த மாவில் போட்டது கசக்கத்தான் செய்யும். அதோடு கண்ணாடி கவரில் போட்டு வெயில் படுகிற கடை வாசலில் தொங்கவிட்டார்கள். மூன்றாவது வாரம் பிரித்தால் சிக்கு வாடை. ஒரு கடையில் 40 பாக்கெட்டும் திரும்பி வந்தது. தங்கச்சி/தம்பி, 60 பைசாவில் எந்தக் கவர்?

பிபிஏ_ரெண்டாவது_வருஷம்
தங்கச்சிதான் அக்கா. கண்ணாடி கவர். சேவு வெளியே தெரிந்தால் வாங்குவார்கள் என்று எழுதினேன்.

வேன்_லைன்
தங்கச்சியா, சரிம்மா. வெளிச்சமும் காற்றும் பட்டால் எண்ணெய்ப் பண்டம் சிக்கு அடிக்கும். வெயிலில் சரமாகத் தொங்குவது என்றால் உள்ளே வெள்ளி நிறப் பூச்சு உள்ள கவர் வேண்டும், அது 60 பைசாவுக்குள் வருமா என்று பிரிண்டரிடம் கேட்டுப் பார். கண்ணாடி கவர்தான் வேண்டும் என்றால் சரக்கு வேகமாகப் போகிற கடை, வாசலில் இல்லாமல் உள்ளே வைக்கிற கடை என்று பார்க்க வேண்டும். பொருளும் கடையும் இப்படித்தான் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். சரி, யார் வாங்குவதாக எழுதினாய்?

பிபிஏ_ரெண்டாவது_வருஷம்
25 முதல் 40 வயது, உடம்பைக் கவனிக்கிற ஆபீஸ் போகிறவர்கள். கடைகள் பள்ளிக்கூடம் பக்கத்துப் பெட்டிக்கடைகள்.

பழைய_எம்பிஏ
நான்கு திசை என்ன, ஐந்தாவது திசையும் இதோ.

தட்டை_வீடு
சிரிக்காதீர்கள், பாவம். இரண்டில் ஒன்றை எடும்மா. பள்ளிப் பிள்ளைகள் என்றால் 10 ரூபாய் சரியான விலை, ஆனால் கம்பின் சத்தைப் பற்றி அவர்களிடம் பேசாதே, காரம் மட்டும் பேசு. ஆபீஸ் ஆட்கள் என்றால் 200 கிராம் பாக்கெட், பஸ் ஸ்டாண்ட் ஸ்வீட் கடை. அவர்கள் ஊருக்குப் போகும்போது வாங்கிப் போவார்கள்.

ரீல்ஸ்_ராஜா
12 ரூபாய் வைத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

வேன்_லைன்
பெட்டிக்கடையில் 12 ரூபாய்க்குச் சில்லறை யார் தருவார்? பக்கத்தில் பத்து ரூபாய்ச் சரம் பத்து தொங்கும். விலையை அசைக்க முடியாது, கிராமைத்தான் அசைக்க முடியும். 22 கிராம் போட்டால் சேவு அடக்கம் 4.40, பாக்கெட்டும் திரும்புவதும் சேர்த்து 5.35. உனக்கு வருவது 7.05, மிச்சம் 1.70. அதில்தான் வேன், விளம்பரம், உன் லாபம். ஆனால் பாக்கெட் மெலிந்து தெரிந்தால் பிள்ளைகள் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள்.

நாலும்_தெரிந்தவர்
குழந்தைகளுக்கு எண்ணெய்ப் பண்டம் விற்கச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். இதுதான் உங்கள் மார்க்கெட்டிங்.

தட்டை_வீடு
அப்போ 200 கிராம் பக்கம் போகட்டும். ஆனால் சாத்தூரில் கண்ணெதிரே எடை போட்டுத் தருகிற சேவை விட்டுப் புது பேரில் பாக்கெட்டை யார் எடுப்பார் என்பதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

வேன்_லைன்
அது நியாயமான கேள்வி. நான் பஸ் ஸ்டாண்ட் லைன் போனதில்லை.

பிபிஏ_ரெண்டாவது_வருஷம் (சனிக்கிழமை)
வைத்துவிட்டேன். பிள்ளைகள், 22 கிராம், வெள்ளி கவர் என்று மாற்றினேன். கவர் 75 பைசா ஆனதால் மிச்சம் 1.55. மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு "திரும்பி வருவது 5 சதவீதம் என்று யார் சொன்னது?" என்று கேட்டார். தேர்வுக்குப் படிக்க வேண்டும், அப்புறம் வருகிறேன். நன்றி அண்ணா, அக்கா.

வரி_பார்ட்டைம்
அந்த 12, 5 விஷயம் உறுதிதானா? எங்கள் ஆபீஸில் இன்னும் பழைய லெட்ஜரே ஓடுகிறது.