ஹோஸ்ட்ல விபிஎன் ஆன்ல இருக்கு, விஎம் மட்டும் ஏன் வீட்டு ஐபியில போகுது (நம்ம குடும்பம் குழு)

காவ்யா: யாராச்சும் நெட்வொர்க் தெரிஞ்சவங்க இருக்கீங்களா. லேப்டாப்ல விண்டோஸ், அதுல வயர்கார்ட் விபிஎன் ஓடுது, கில் ஸ்விட்சும் டிக் பண்ணிருக்கேன். உள்ள விர்ச்சுவல்பாக்ஸ்ல உபுண்டு. விண்டோஸ்ல பாத்தா விபிஎன் ஐபி காட்டுது, உபுண்டுக்குள்ள போய் பாத்தா வீட்டு ரவுட்டரோட ஐபியே காட்டுது. ரெண்டும் ஒரே லேப்டாப் தானே, எப்படி?

பிரவீன்: சான்ஸே இல்ல காவ்யா. விஎம் ஹோஸ்டுக்குள்ள ஓடுற ஒரு ப்ரோக்ராம், அதோட ட்ராஃபிக் எல்லாம் ஹோஸ்ட் விபிஎன் வழியாத்தான் போகும். பிரவுசர் கேஷா இருக்கும், க்ளியர் பண்ணிட்டு பாரு

காவ்யா: பிரவுசரே இல்லண்ணா, டெர்மினல்ல `curl ifconfig.me` தான் அடிச்சேன்

ரமேஷ் பெரியப்பா: எனக்கும் இதே தான்மா. ஃபோன்ல விபிஎன் போட்டு ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணி லேப்டாப்ல பாத்தா விபிஎன் இல்லாத மாதிரியே இருக்கு. ஆப்பை மாத்தணுமோ

பிரவீன்: அப்பா அவ கேக்கறது வேற, விர்ச்சுவல் மெஷின்

செந்தில் சித்தப்பா: அண்ணா கேக்கறது வேற விஷயம் தான், ஆனா ரொம்ப தூரம் இல்ல. பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்ல ஹாட்ஸ்பாட் வழியா வர்ற ட்ராஃபிக் ஃபோனோட விபிஎன்குள்ள போகாது, ஆப்பை மாத்துனாலும் அதே தான். லேப்டாப்லயே விபிஎன் போட்டுக்கோங்கண்ணா.
காவ்யா, விஎம் செட்டிங்ஸ்ல Network போய் Attached to-ன்னு இருக்கிற இடத்துல என்ன இருக்குன்னு பாத்து சொல்லு. உபுண்டுல `ip route` அடிச்சு முதல் வரியும் போடு

காவ்யா: Bridged Adapter சித்தப்பா

```
default via 192.168.1.1 dev enp0s3
```

செந்தில் சித்தப்பா: அதான். பிரிட்ஜ்னா உன் உபுண்டு விண்டோஸ்கிட்ட வழி கேக்கறதே இல்ல. வைஃபை கார்டு வழியா நேரா ரவுட்டர்கிட்ட போய் தனக்குன்னு ஒரு ஐபி வாங்கிக்குது, ரவுட்டருக்கு அது உன் லேப்டாப் பக்கத்துல வச்ச இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி தான் தெரியும். விண்டோஸோட ரவுட்டிங் டேபிள்ல வயர்கார்ட் என்ன மாத்தி வச்சாலும் இந்த பாக்கெட் அந்த டேபிளைத் தொடாமலே வெளிய போயிடும். கில் ஸ்விட்சும் அப்படித்தான், அது விண்டோஸோட ஃபயர்வால் லேயர்ல உக்காந்திருக்கு, பிரிட்ஜ் ட்ராஃபிக் அதுக்குக் கீழயே டிரைவர்ல பிரிஞ்சு போயிடுது. டிக் போட்டிருக்கோம்ல, விஎம்மும் பத்திரமா இருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது ரொம்ப ஆபத்தான நம்பிக்கை

பிரவீன்: அப்ப நான் சொன்னது தப்பா சித்தப்பா? என் விஎம்ல ஹோஸ்ட் விபிஎன் ஐபி தானே வருது

செந்தில் சித்தப்பா: நீ நேட் மோட்ல வச்சிருப்ப பிரவீன். விர்ச்சுவல்பாக்ஸ்ல புதுசா விஎம் போட்டா டீஃபால்ட்டே நேட் தான். அதுல நீ சொன்னது கரெக்ட், விஎம் அனுப்பறதை எல்லாம் விர்ச்சுவல்பாக்ஸ் வாங்கி தன் பேர்ல விண்டோஸ்ல ஒரு கனெக்ஷன் திறந்து அனுப்பும், விண்டோஸுக்கு அது பிரவுசர் மாதிரி இன்னொரு ப்ரோக்ராம். அதனால ஹோஸ்ட் விபிஎன், கில் ஸ்விட்ச் எல்லாமே அதுக்கும் பொருந்தும். உன் `ip route`ல 10.0.2.2 தான் கேட்வேயா இருக்கும் பாரு

பிரவீன்: ஆமா 10.0.2.2 தான் 👍

காவ்யா: சரி நேட்டுக்கு மாத்திட்டு வரேன்

காவ்யா: மாத்திட்டேன், இப்ப ஐபி 10.0.2.15. ஆனா எந்த சைட்டும் திறக்கல. curl அடிச்சா Could not resolve host. `ping 1.1.1.1` மட்டும் ஓடுது

பிரவீன்: நேட்னா அப்படித்தான் சில சமயம், பிரிட்ஜே வச்சுக்கோ, விபிஎன்னை உபுண்டுக்குள்ள போட்டுடு

செந்தில் சித்தப்பா: இரு இரு, இது சின்ன விஷயம். ஐபிக்கு பிங் போகுது, பேர் மட்டும் கிடைக்கலன்னா பாதை நல்லா இருக்கு, டிஎன்எஸ் மட்டும் மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். விஎம்மை நீ ஸ்டார்ட் பண்ணும்போது விபிஎன் ஆன்ல இருந்துச்சா, அதுக்கப்புறம் ஆன் பண்ணியா?

காவ்யா: அப்புறம் தான் ஆன் பண்ணேன்

செந்தில் சித்தப்பா: அப்ப ஸ்டார்ட் ஆகும்போது விண்டோஸ் எந்த டிஎன்எஸ் வச்சிருந்துச்சோ அதையே விஎம்முக்குக் குடுத்திருக்கும், அதாவது உன் ரவுட்டர் 192.168.1.1. இப்ப கில் ஸ்விட்ச் வந்து டனலுக்கு வெளிய போற டிஎன்எஸ்ஸை எல்லாம் அடைச்சுடுது, உபுண்டு இன்னும் அந்த ரவுட்டரையே கேட்டுக்கிட்டு இருக்கு. விஎம்மை முழுசா பவர் ஆஃப் பண்ணிட்டு, விண்டோஸ்ல விர்ச்சுவல்பாக்ஸ் இன்ஸ்டால் ஆன ஃபோல்டர்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து இதை அடி, இனிமே பேர் தேடறதை விண்டோஸே பாத்துக்கும்

```
VBoxManage modifyvm "ubuntu" --natdnshostresolver1 on
```

உன் விஎம் பேர் என்னவோ அதைப் போட்டுக்கோ. ஸேவ் ஸ்டேட்ல விட்டா எடுத்துக்காது, ஷட்டவுன் தான் பண்ணணும்

மாலதி அத்தை: நான் இதுக்கு நேர் எதிர் பண்ணிருக்கேன். ஆபீஸ் விபிஎன்னை விஎம்முக்குள்ள மட்டும் வச்சிருக்கேன். ஹோஸ்ட்ல போட்டா பிரிண்டர் கட் ஆயிடுது, என் சொந்த பேங்க் வேலை எல்லாம் ஆபீஸ் வழியா போகுது, எனக்கு அது பிடிக்கல. விஎம்ல போட்டதும் ரெண்டும் தனித்தனியா நிம்மதியா இருக்கு. ஒரே ஒரு சர்வர் மட்டும் வரவே மாட்டேங்குது தம்பி, மத்த எல்லாம் ஓடுது. ஐடி ஆளுங்க அவங்க பக்கம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க

செந்தில் சித்தப்பா: அந்த சர்வர் ஐபி என்னக்கா? பிங் அடிச்சா என்ன வருது அப்படியே காப்பி பண்ணி போடுங்க

மாலதி அத்தை:

```
From 10.0.2.15 icmp_seq=1 Destination Host Unreachable
```

சர்வர் 10.0.2.40

செந்தில் சித்தப்பா: பதில் குடுத்தது யாருன்னு பாருங்க, 10.0.2.15, அது உங்க விஎம்மே தான். பாக்கெட் விஎம்மை விட்டு வெளியவே போகல. விர்ச்சுவல்பாக்ஸ் நேட் எடுத்துக்கிற ரேஞ்சும் 10.0.2, ஆபீஸ் சர்வர் இருக்கிற ரேஞ்சும் 10.0.2. விபிஎன் 10-ல ஆரம்பிக்கிற எல்லாத்துக்கும் வழி போட்டிருந்தாலும் விஎம் பக்கத்துல இருக்கிற குறுகின ரேஞ்சுக்குத் தான் முதல் மரியாதை, அதனால சர்வர் நம்ம பக்கத்துலயே இருக்குன்னு நினைச்சு கூப்பிட்டுப் பாக்குது, யாரும் பதில் சொல்லல. ஐடி ஆளுங்க சொன்னது அவங்க வரைக்கும் உண்மை தான். விஎம்மை ஆஃப் பண்ணிட்டு நேட் ரேஞ்சை மாத்திடுங்க

```
VBoxManage modifyvm "office" --natnet1 "192.168.77.0/24"
```

மாலதி அத்தை: வந்துடுச்சு தம்பி!! இத்தனை நாளா ரிமோட் டெஸ்க்டாப்ல வேற மெஷினுக்குப் போய் அங்கிருந்து அதைத் திறந்துக்கிட்டு இருந்தேன் 🙏

காவ்யா: எனக்கும் ஓடுது சித்தப்பா, பேரும் கிடைக்குது, ஐபியும் விபிஎன் ஐபி தான். ஆனா அத்தை சொன்னதைக் கேட்டதும் எனக்கும் அப்படி வச்சுக்கணும்னு தோணுது, விஎம்ல பண்ற வேலைக்கு மட்டும் விபிஎன் இருந்தா போதும், விண்டோஸ்ல வீடியோ கால் எல்லாம் ஸ்லோ ஆகுது. உள்ள போட்டா நேட்டா பிரிட்ஜா?

செந்தில் சித்தப்பா: உள்ள விபிஎன் இருந்தா ரெண்டுலயும் ஓடும். நான் நேட்டே சொல்வேன். பிரிட்ஜ்ல வீட்டு ரவுட்டர் ஐபிவி6 குடுத்தா விஎம் அதையும் வாங்கிக்கும், உன் வயர்கார்ட் ஃபைல்ல AllowedIPs-ல 0.0.0.0/0 மட்டும் இருந்தா ஐபிவி6 ட்ராஃபிக் டனலைத் தொடாம வெளிய போயிடும். `curl -6 ifconfig.me` அடிச்சா வீட்டு அட்ரஸ் வருதான்னு பாத்தா தெரிஞ்சிடும். சர்வர் பக்கம் ஐபிவி6 இருந்தாலும் இல்லாட்டியும் அந்த வரியில `::/0` சேத்துடு.
அதை விட முக்கியம், விபிஎன் இறங்கிட்டா என்ன ஆகும்ங்கறது. சர்வர் பதில் சொல்லலன்னா வயர்கார்ட் இன்டர்ஃபேஸ் அப்படியே நிக்கும், எதுவும் வெளிய போகாது, அது பரவால்ல. ஆனா விஎம்மை ரீஸ்டார்ட் பண்ணி வயர்கார்டோட wg0 இன்டர்ஃபேஸ் எழறதுக்கு முன்னாடியோ, இல்ல நீயே டவுன் பண்ணிட்டாலோ, எல்லாம் சத்தமில்லாம நேட் வழியா வீட்டு ஐபியில போகும். அதை உள்ள ஃபயர்வால் போட்டு அடைக்கணும்

```
sudo ufw default deny outgoing
sudo ufw allow out on wg0
sudo ufw allow out to 203.0.113.50 port 51820 proto udp
sudo ufw enable
```

அந்த ஐபிக்குப் பதிலா உன் விபிஎன் சர்வர் ஐபி. வயர்கார்ட் ஃபைல்ல Endpoint-லயும் பேர் போடாத, ஐபியே போடு, ஏன்னா டனல் எழறதுக்கு முன்னாடி டிஎன்எஸ் கேக்கறதுக்கும் இப்ப வழி கிடையாது. ssh வச்சு உள்ள போறியா?

காவ்யா: ஆமா போர்ட் ஃபார்வேர்ட் வச்சு

செந்தில் சித்தப்பா: அப்ப enable பண்றதுக்கு முன்னாடி `sudo ufw allow 22/tcp` போட்டுடு, இல்லன்னா புதுசா உள்ள போக முடியாது. முடிச்சதும் `sudo wg-quick down wg0` அடிச்சு curl அடிச்சுப் பாரு, ஐபி ஏதாவது வந்தா ஓட்டை இருக்கு, வராம தொங்கினாலோ Could not resolve host வந்தாலோ சரி

பிரவீன்: இவ்ளோ எதுக்கு, ஹோஸ்ட்லயும் போட்டு விஎம்லயும் போட்டா டபுள் சேஃப்டி தானே. நான் அப்படித்தான் வச்சிருக்கேன்

செந்தில் சித்தப்பா: ரெண்டு அடுக்கு போட்டா முதல் விபிஎன்காரனுக்கு நீ ரெண்டாவது விபிஎன்னுக்குப் போறன்னு மட்டும் தெரியும், அந்த அளவுக்குப் பிரயோஜனம் உண்டு. ஆனா உள்ள ஓடற சாஃப்ட்வேரை நீ நம்பலன்னா உள்ள போட்ட விபிஎன்னையும் ஃபயர்வாலையும் நம்ப முடியாது, ரூட் கிடைச்சா அது ரெண்டையும் கழட்டிடும். அந்த மாதிரி வேலைக்கு விபிஎன் விஎம்முக்கு வெளிய இருக்கணும், ஹோஸ்ட்ல போட்டு நேட்ல விடணும், இல்லன்னா விபிஎன்னுக்குன்னே தனியா ஒரு விஎம் வச்சு இன்டர்னல் நெட்வொர்க்ல இதை அதுக்குப் பின்னாடி உக்கார வைக்கணும். காவ்யா பண்றது அவளோட சொந்த வேலை, அதுக்கு உள்ளயே போதும்

காவ்யா: டவுன் பண்ணா தொங்குது, அப் பண்ணா விபிஎன் ஐபி. விண்டோஸ்ல வீட்டு ஐபி. இதான் வேணும் சித்தப்பா ❤️

மாலதி அத்தை: எனக்கும் அந்த ufw போடலாமா தம்பி? ஆபீஸ் கிளையன்ட் வேற ஏதோ, வயர்கார்ட் இல்ல

செந்தில் சித்தப்பா: ஆபீஸ் கிளையன்ட்ல கை வைக்காதீங்கக்கா, சிலது தானே ஃபயர்வாலை செக் பண்ணும், லாகின் பண்ண வெப்சைட்டும் திறக்கும். ஐடி ஆளுங்ககிட்ட விஎம்ல வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அவங்க சொல்றபடி பண்ணுங்க, சில ஆபீஸ்ல அனுமதியே கிடையாது

மாலதி அத்தை: சொல்லல இன்னும். திங்கக்கிழமை கேக்கறேன்

பிரவீன்: சித்தப்பா, அந்த ரெண்டு அடுக்குல ஒரு விஷயம். பிங் போகுது, சின்ன பேஜ் திறக்குது, பெரிய சைட்டெல்லாம் பாதியில நிக்குது, ssh லாகின் ஆனதும் ஃப்ரீஸ் ஆகுது. ஸ்பீடு பிரச்சனைன்னு நினைச்சேன்

செந்தில் சித்தப்பா: ஸ்பீடு இல்ல, எம்டியு மாதிரி இருக்கு, அதாவது ஒரு பாக்கெட் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம்ங்கற அளவு. ரெண்டும் வயர்கார்ட் தானே? வெளிய 1420, உள்ளயும் 1420 இருக்கும். உள்ள இருக்கிறது தன் பங்குக்கு 60 பைட் சேக்கும், ஐபிவி6 வழியா போனா 80, அப்ப முழு பாக்கெட் வெளி டனல்ல நுழையாது. சின்னது மட்டும் போகும், பெருசு தொலையும். விஎம்ல இருக்கிற வயர்கார்ட் ஃபைல்ல Interface-க்குக் கீழ `MTU = 1340` போட்டுப் பாரு. அதுலயும் நின்னா வேற காரணம் தேடணும்

பிரவீன்: இப்ப வெளிய இருக்கேன், வீட்டுக்குப் போய் போட்டுட்டு சொல்றேன்

ரமேஷ் பெரியப்பா: செந்தில், லேப்டாப்ல போட்டா ஃபோன்ல ஆஃப் பண்ணிடலாமா?

செந்தில் சித்தப்பா: பண்ணிடலாம்ணா. ஆனா ஃபோன்ல நீங்க பாக்கறது அப்ப விபிஎன் இல்லாம போகும், அது ஓகேன்னா ஆஃப் பண்ணிடுங்க